டிசைனர் ரெஸ்யூமே: அலங்காரம் இல்லாமல் ரசனையைக் காட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசைனர் வேலைக்கு வெள்ளைத் தாள்ல வெறும் எழுத்தா அனுப்பினா, "இவருக்கு டிசைனே தெரியாது போல"ன்னு நினைச்சுட மாட்டாங்களா?

நினைக்கலாம், அந்தத் தாளை யாரும் கவனித்து அமைக்கவில்லை என்று தெரிந்தால். வெறுமையும் அடக்கமும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வேர்டைத் திறந்ததும் கிடைக்கும் ஃபான்ட், அதே மார்ஜின், ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி நகர்த்திய தேதிகள், ஒரு இடத்தில் "2021-23", இன்னொரு இடத்தில் "2019 – 2021" என்று எழுதிய ஆண்டுகள்: இது வெறுமை. இதே கறுப்பு வெள்ளையில் ஆண்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் நின்று, தலைப்பு தன் பத்தியோடு ஒட்டி, வரி நீளம் கண்ணுக்கு வசதியாக இருந்தால், பார்ப்பவர் டிசைன் வேலை தெரிந்தவராக இருக்கும் பட்சத்தில், படிக்கத் தொடங்கும் முன்பே அதைக் கவனித்துவிடுவார்.

யான் சிச்சோல்டு புத்தக வடிவமைப்பில் பெரிய பெயர். 1947 முதல் 1949 வரை பெங்குவின் பதிப்பகத்தில் இருந்தபோது அச்சுக்கோப்பவர்களுக்காக அவர் எழுதிக் கொடுத்த விதிகள் வெறும் நான்கு பக்கம்தான். சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடம், பெரிய எழுத்துகளை எப்படி இடைவெளி விட்டு அடுக்குவது, பத்தியை எங்கே உள்ளே தள்ளுவது என்பது போன்ற விஷயங்களே அதில் இருந்தன. ரெஸ்யூமேயில் நீங்கள் செய்ய வேண்டியதும் அந்த ரக வேலைதான்.

சரி, வெற்று ஏ4 பக்கத்துல எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? அளவோட சொல்லுங்க.

மூன்று நான்கு வருட அனுபவம் உள்ள ஒருவரின் ஒரு பக்க ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. நாலு பக்கமும் 20 மி.மீ. மார்ஜின் விட்டால் உள்ளே 170 மி.மீ. அகலம் கிடைக்கும். அதை முழுசாக எழுத்தால் நிரப்பக் கூடாது. 10 பாயின்ட் எழுத்தில் 170 மி.மீ. வரி என்றால் ஏறக்குறைய 95 எழுத்து வரும். வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேட வேண்டியிருக்கும். அதனால் இடது பக்கம் 45 மி.மீ. ஒதுக்கி அதில் ஆண்டுகளை மட்டும் வையுங்கள். மீதி 125 மி.மீ. அகலத்தில் ஒரு வரிக்கு 70 எழுத்து போல வரும். ஆங்கிலத்தில் வசதியாகப் படிக்க 45 முதல் 75 எழுத்து என்பது பழைய கணக்கு, அதற்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது பக்கத்தில் எழுத்து தொடங்க இரண்டே இடம்தான் உண்டு: தாளின் இடது ஓரத்திலிருந்து 20 மி.மீ., 65 மி.மீ. பெயர், தலைப்புகள், பணி விவரம் எல்லாம் 65-ல். ஆண்டுகள் 20-ல். மூன்றாவதாக ஒரு இடத்தில் ஏதாவது தொடங்கினால் அதற்குக் காரணம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காரணம் இருக்காது.

உயரத்துக்கு வருவோம். வரி இடைவெளியை 14 பாயின்ட் என்று வைத்தால், மேலும் கீழும் 20 மி.மீ. போக மீதி 257 மி.மீ.யில் 52 வரி கொள்ளும். இந்த 52 வரிகளைச் செலவு செய்வதுதான் லேஅவுட். பெயருக்கு 2 வரி, தொடர்புக்கு 1, இடைவெளி 2, இரண்டு வரி அறிமுகம், மறுபடி இடைவெளி 2: ஆக 9. பணி அனுபவம் தலைப்போடு 15, இடைவெளி 2. தேர்ந்தெடுத்த நான்கு வேலைகள், தலைப்போடு 12, இடைவெளி 2. படிப்பு 3, இடைவெளி 2, மென்பொருள்கள் 2. கூட்டினால் 47. கீழே 5 வரி, அதாவது சுமார் 25 மி.மீ., காலியாக நிற்கும். அந்த இடத்தைப் பார்த்ததும் "பொழுதுபோக்கு" என்று ஒரு தலைப்பு சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

எல்லாம் நேராத்தான் இருக்கு, ஆனாலும் பார்க்க ஏதோ உதிரி உதிரியா தெரியுது. எங்கே கோளாறு?

பத்தில் ஒன்பது தடவை, தலைப்புக்கு மேலும் கீழும் ஒரே அளவு இடைவெளி விட்டிருப்பீர்கள். "கல்வி" என்ற தலைப்பு மேலே இருக்கும் பணி விவரத்துக்கும் கீழே இருக்கும் கல்லூரிப் பெயருக்கும் சரிபாதியில் தொங்கினால், அது யாருக்குச் சொந்தம் என்று கண்ணுக்குப் புரியாது. தலைப்புக்கு மேலே 28 பாயின்ட் விடுங்கள், அதாவது இரண்டு காலி வரி. கீழே ஒன்றும் வேண்டாம். அடுத்த வரியிலேயே விஷயம் தொடங்கட்டும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே 14, ஒரு காலி வரி. ஆக, பக்கம் முழுக்க 0, 14, 28 என்று மூன்றே இடைவெளிகள். இப்படி வைத்துவிட்டால் பிரிவுகளைக் காட்டக் கோடு தேவைப்படாது, சாம்பல் பெட்டியும் தேவைப்படாது. கோடு போடத் தோன்றுகிறது என்றால், அங்கே இடைவெளி தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

இந்த இடைவெளிகளை என்டர் தட்டி உண்டாக்காதீர்கள். பத்தி ஸ்டைலில் `Space Before` என்ற இடத்தில் 28 pt என்று கொடுங்கள். என்டர் தட்டி வைத்தது ஒரு வரி கூடினதும் எங்காவது தவறும், நீங்கள் கவனிக்க மாட்டீர்கள், படிப்பவர் கவனிப்பார்.

இன்னொரு சோதனை: பக்கத்தைத் திரையில் 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். எழுத்து படிக்க முடியாத அளவில், சாம்பல் நிறத் திட்டுகளாகத் தெரியும். நாலைந்து திட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. ஒரே மொத்தையாகவோ இருபது துண்டாகவோ தெரிந்தால், மேலே சொன்ன மூன்று இடைவெளிகளில் எதுவோ குழம்பியிருக்கிறது.

தலைப்புக்கு ஒரு ஃபான்ட், உள்ளே ஒரு ஃபான்ட் போட்டாத்தானே அழகு?

ஒரு பக்க ரெஸ்யூமேக்கு ஒரு ஃபான்ட் குடும்பம், இரண்டு கனம் போதும்: ரெகுலர், செமிபோல்டு. `Inter`, `Source Sans 3`, `IBM Plex Sans` எதுவானாலும் பரவாயில்லை, மூன்றும் இலவசம். அளவும் இரண்டே: பெயருக்கு 20 பாயின்ட், மற்றதெல்லாம் 10. தலைப்பை 12, நிறுவனப் பெயரை 11, விவரத்தை 10 என்று படிப்படியாக வைப்பது நிறையப் பேர் செய்வது. 10-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசம் வேண்டுமென்று செய்தது போலத் தெரியாது, தவறிப் போனது போலத்தான் தெரியும். வித்தியாசம் காட்டுவதானால் கண்ணுக்குப் படும்படி காட்டுங்கள், இல்லையென்றால் ஒரே அளவில் விட்டுவிட்டுக் கனத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஆங்கிலத் தலைப்புகளை முழுக்கப் பெரிய எழுத்தில் வைத்தால் எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட வேண்டும். இன்டிசைனில் `Tracking` 50 முதல் 80 வரை வைத்துப் பாருங்கள். சிறிய எழுத்தில் வரும் சொற்களுக்கு இதைச் செய்யாதீர்கள், வார்த்தை உடைந்து போகும். ஆண்டுகளுக்கு `Tabular` எண்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் வந்து, 2011 என்பதும் 2020 என்பதும் ஒன்றின் கீழ் ஒன்று ஒழுங்காக நிற்கும்.

ஃபோட்டோஷாப் 90%, இல்லஸ்ட்ரேட்டர் 85%னு பட்டை போடலாமா? எல்லா டெம்ப்ளேட்லயும் இருக்கே.

வேண்டாம். 90 சதவீதம் என்றால் எதில் 90? மீதிப் பத்தில் என்ன தெரியாது? எந்த அளவுகோலும் இல்லாத எண்ணைப் படமாக வரைந்து காட்டுவது, தகவல் வடிவமைப்பு தெரியாது என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல. மென்பொருள் பெயர்களைக் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதுங்கள்.

ஃபோன் எண்ணுக்குப் பக்கத்தில் ஃபோன் படம், மின்னஞ்சலுக்குப் பக்கத்தில் உறைப் படம் எல்லாமும் இதே வகைதான். பத்து இலக்கத்தைப் பார்த்தாலே அது ஃபோன் எண் என்று தெரியும், @ குறி இருந்தால் மின்னஞ்சல் என்று தெரியும். உங்கள் புகைப்படத்தை, கேட்டிருந்தால் மட்டும் வையுங்கள்.

கலரே கூடாதா?

ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஒரே வேலைக்கு. லிங்குகளுக்கு மட்டும் அடர்நீலம் என்று வைத்தால் அந்த நிறத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும்: இது அழுத்தக்கூடியது. அதே நீலம் தலைப்பிலும் ஓரக் கோட்டிலும் வந்துவிட்டால் அந்த அர்த்தம் போச்சு.

நிறத்தைவிட அதிகம் கெடுப்பது சாம்பல். தேதிகளை "அடக்கமாக" காட்டுகிறேன் என்று `#999999` வைப்பார்கள். வெள்ளைக்கும் அதற்கும் உள்ள மாறுபாடு 2.85:1 தான், சாதாரண எழுத்துக்கு அணுகல் வழிகாட்டுதல்கள் கேட்பது 4.5:1. `#767676` வரை போகலாம், அது 4.54:1. அதற்கு மேல் வெளுத்தால், அலுவலக லேசர் பிரின்டரில் 10 பாயின்ட் எழுத்து புள்ளி புள்ளியாக வரும். அனுப்பும் முன் ஒரு தடவை கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள்.

எனக்கு விஷயம் நிறைய இருக்கு, ஒரு பக்கத்துல அடங்கவே மாட்டேங்குது. எழுத்தை 8 பாயின்ட் ஆக்கிடவா?

எழுத்தைச் சுருக்காதீர்கள், வாக்கியத்தைச் சுருக்குங்கள். ஒரு பணி விவரம் வழக்கமாக இப்படி இருக்கும்:

> பல்வேறு வாடிக்கையாளர்களுக்கான சமூக ஊடகப் படங்கள், பிரசுரங்கள், லோகோக்கள், பேக்கேஜிங் போன்ற அனைத்து விதமான வடிவமைப்புப் பணிகளையும் குறித்த காலத்தில் திறம்படச் செய்து முடித்தல். குழுவுடன் இணைந்து செயல்படுதல். புதுமையான யோசனைகளை வழங்குதல்.

இதில் எந்த டிசைனருக்கும் பொருந்தாத சொல் ஒன்றுகூட இல்லை. "திறம்பட" என்று எழுதாவிட்டால் திறமையில்லாமல் செய்தீர்கள் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. அதே வேலையை இப்படி எழுதலாம்:

> மசாலா நிறுவனம் ஒன்றின் 14 பொட்டலங்களுக்கு ஒரே லேபிள் அமைப்பு. தமிழ், ஆங்கில எழுத்தமைப்பும் அச்சுக் கோப்பும் என் பொறுப்பு, படங்கள் வேறொருவர்.

நீளமும் குறைந்துவிட்டது. என்ன பொருள், எத்தனை, உங்கள் கை எதில், எதில் இல்லை என்று நான்கும் தெரிகிறது. குறிப்பாக அந்தக் கடைசிப் பாதி. யார் எதைச் செய்தார்கள் என்று நேர்முகத்தில் எப்படியும் கேட்பார்கள், இங்கேயே சொல்லிவிட்டால் நல்லது.

எதை வெட்டுவது என்று தெரியாவிட்டால் பழையதிலிருந்து தொடங்குங்கள். கடைசி வேலைக்கு நாலு வரி, அதற்கு முந்தினதற்கு மூன்று, அதற்கும் முந்தினதற்கு இரண்டு. மூன்று வேலைக்கும் ஒரே நீளத்தில் எழுதினால், எது முக்கியம் என்று தீர்மானிக்கும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டுகிறீர்கள். பக்கம் பார்க்கவும் தட்டையாக இருக்கும்.

பெயரைத் தமிழ்லயும் போடணும்னு ஆசை. ஒரு தமிழ் பிராண்டிங் வேலையும் காட்டணும். எதைக் கவனிக்கணும்?

போடுங்கள். தமிழ் எழுத்தமைப்பு தெரிந்த டிசைனர் என்பதை இந்த ஒரு வரியே காட்டிவிடும். தெரியாது என்பதையும் இதே வரி காட்டிவிடும்.

முதலில் கோளாறு எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறோம். இன்டிசைனில் சாதாரண கம்போசர் இருந்தால் "கொ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்தி ஸ்டைலில் `Justification` பகுதிக்குப் போய் `Composer` என்பதை `Adobe World-Ready Paragraph Composer` என்று மாற்றுங்கள், சரியாகிவிடும். பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத ஃபான்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். காப்பி செய்தால் குப்பையாக வரும்.

அடுத்தது அளவு. தமிழில் புள்ளியும் இகர, ஈகார வளைவுகளும் மேலே ஏறும், உகரச் சுழிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு 14 பாயின்ட் வரி இடைவெளி தாராளம். அதே 10 பாயின்ட் தமிழ் பத்திக்கு அது நெருக்கமாகத் தெரியும். ஒரே வரியில் இரண்டு மொழியும் வந்தால் தமிழ் பெரும்பாலும் கொஞ்சம் பெரிதாகத் தோன்றும். அரை அரைப் பாயின்டாகக் குறைத்து, ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். `Anek Tamil` மாதிரி தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாக வரைந்த ஃபான்ட் எடுத்தால் இந்தப் பாடு குறையும். தமிழைச் சாய்வெழுத்தாக்காதீர்கள், மென்பொருள் எழுத்தைத் தள்ளிச் சாய்ப்பதுதான் அது, வரைந்த சாய்வு அல்ல. சிறிய அளவில் ரொம்பக் கனமும் வேண்டாம், "ண", "ணை" எல்லாம் உள்ளே அடைத்துக்கொள்ளும். இரு ஓரமும் சமமாக நீட்டும் `Justify` தமிழுக்குச் சரிப்படாது: சொற்கள் நீளம், வரிக்கு நாலைந்துதான் கொள்ளும், நடுவில் ஓட்டை விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

பக்கத்தை நெடுக்குல ரெண்டு காலமா பிரிச்சு லேஅவுட் வச்சா, நிறுவனங்கள் வச்சிருக்கிற சாஃப்ட்வேர் படிக்காதுன்னு சொல்றாங்களே?

கண்ணுக்கு இரண்டு காலமாகத் தெரிவது பிரச்சினை இல்லை, கோப்புக்குள் தனித்தனிப் பெட்டியாக இருப்பதுதான் பிரச்சினை. ஆண்டுகளை ஒரு பெட்டியிலும் பணி விவரத்தை இன்னொன்றிலும் வைத்தால், எழுத்தை உருவும்போது எல்லா ஆண்டும் முதலில் வந்து, பிறகு எல்லா வேலையும் வரிசையாக வரலாம். எது எந்த வருடம் என்று தெரியாது.

நாம் மேலே அமைத்த பக்கத்தை ஒரே பெட்டியில் செய்யலாம். பத்தியின் இடது உள்தள்ளல் 45 மி.மீ., முதல் வரி உள்தள்ளல் −45 மி.மீ., 45 மி.மீ.யில் ஒரு டேப். ஆண்டை எழுதி, டேப் தட்டி, பதவியை எழுதினால் ஆண்டு இடது பட்டையில் நிற்கும், மீதி தானாக 65 மி.மீ. கோட்டில் வந்துவிடும். வேர்டிலும் இதே வழி வேலை செய்யும்.

இல்லஸ்ட்ரேட்டரில் செய்பவர்கள் அச்சகத்துக்கு அனுப்பும் பழக்கத்தில் `Create Outlines` கொடுத்துவிடுவார்கள். அதோடு எழுத்தெல்லாம் வெறும் வடிவமாகிவிடும். தேட முடியாது, காப்பி செய்ய முடியாது. அனுப்பும் முன் பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். `poppler-utils` என்ற கட்டளைவரிக் கருவித் தொகுப்பு வைத்திருப்பவர்கள் இப்படிப் பார்க்கலாம்:

```
pdftotext -raw resume.pdf -
pdffonts resume.pdf
```

முதல் கட்டளை எழுத்து வரும் வரிசையைக் காட்டும். இரண்டாவதில் `emb` என்ற நெடுவரிசையில் எல்லாவற்றுக்கும் `yes` இருக்க வேண்டும். ஃபான்ட் பட்டியலே காலியாக வந்தால் எழுத்து வடிவமாக மாறிவிட்டது என்று பொருள். யூனிகோடு தமிழ்கூடப் பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது சில நேரம் கொம்பும் காலும் இடம் மாறி வரும். அதனால் பெயரைத் தமிழில் வைத்தாலும் ஆங்கிலத்திலும் ஒரு தடவை இருக்கட்டும்.

நான் கல்யாணப் பத்திரிகை, சினிமா போஸ்டர் பண்றவன். என் வேலையே அலங்காரம்தான். நானும் இப்படி வெள்ளையா அனுப்பணுமா?

ரெஸ்யூமேயை, ஆமாம். போர்ட்ஃபோலியோவில் வேலை எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் அது அப்படியே வரட்டும். அதைச் சுற்றி இருக்கும் பக்கம்தான் அமைதியாக இருக்க வேண்டும். தங்க ஜரிகைக் கரை போட்ட பத்திரிகையை இன்னொரு பூப்போட்ட பின்னணியில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கலங்கும். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வெளிர் சாம்பல் பின்னணி, ஒரே மார்ஜின், ஒவ்வொரு படத்துக்கும் கீழே 10 சொல்லில் ஒரு குறிப்பு. ஒரு விசிட்டிங் கார்டைக் காட்ட மேசை, காபிக் கோப்பை, செடி எல்லாம் உள்ள மாக்கப் வேண்டாம். கார்டை நேராக, உண்மை அளவில் வையுங்கள், எழுத்தமைப்பு தெரியட்டும். மடிப்போ தாளோ முக்கியமான வேலை என்றால் ஒரு நிஜப் புகைப்படம் எடுத்துப் போடுங்கள்.

ஓவியராக விண்ணப்பிப்பவருக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு உண்டு. ஒரு சின்ன ஓவியம் ரெஸ்யூமேயில் வரலாம், அது உங்கள் சொந்தக் கோடாக இருந்தால். டெம்ப்ளேட்டோடு வந்த இலைக்கொடி அதில் சேராது.

ஃபைல் பெயர், மெயில் எல்லாம் கூட பார்ப்பாங்களா?

`final_new_2_print.pdf` என்று வந்தால் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். உங்கள் பெயர், பதவி, அவ்வளவுதான்: `kavitha-r-graphic-designer.pdf`. ரெஸ்யூமே சில நூறு கேபியைத் தாண்டத் தேவையில்லை. போர்ட்ஃபோலியோ 10 எம்பிக்குள் இருக்கட்டும். ஜிமெயில் 25 எம்பி வரை ஏற்கும், ஆனால் பலர் அதைத் திறப்பது ஃபோனில். மெயிலில் நாலு வரி போதும்: எந்தப் பதவி, உங்கள் வேலையில் அவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று எது, அதன் லிங்க், எப்போது சேர முடியும். கையெழுத்துப் பகுதியில் லோகோ படம் வைக்காதீர்கள், சில மெயில் பெட்டிகளில் அது தனி இணைப்பாகத் தொங்கும்.